சுத்தியல் பிடிபடுகிறது, சாமணம் பிடிபடவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. கன்னாதிட்டியில் நகைவேலை செய்கிறவர். மூன்று கிழமைக்கு முன்னர் விடிய எழும்பினபோது அவருடைய வலது கை மணிக்கட்டோடு தொங்கியது, விரல்களை விரிக்க முடியவில்லை. முகம் கோணவில்லை, கதை குழறவில்லை, நன்றாக நடந்தார். கையை மடித்துப் படுத்ததில் நரம்பு அமத்துப்பட்டிருக்கும் என்று இரண்டு நாள் எண்ணெய் தேய்த்தோம். பிறகுதான் ஸ்கான் எடுத்து, மூளையின் இடது பக்கத்தில் சின்னதாக ஒரு பாரிசவாதம் என்றார்கள். நான்கு வருடத்துக்கு முன்னர் என் சித்தப்பாவுக்கும் “சின்ன அடைப்பு” என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவருக்கு ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இது எப்படி? இப்போது அப்பா சுத்தியலைப் பிடிக்கிறார், சாமணத்தால் கல்லை எடுக்க முடியவில்லை. அது திரும்பி வருமா? கழுத்துக்கும் ஒரு ஸ்கான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வருத்தம் மூளையில் என்றால் கழுத்துக்கு எதற்கு?
— வாசகி, சுன்னாகம்

பதில்: கழுத்து ஸ்கானை இந்தக் கிழமையே எடுத்துவிடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அது விளங்க, அப்பாவின் வலது கை மூளையில் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் உச்சந்தலையில் ஒரு விரலை வையுங்கள். அங்கிருந்து இடது காதை நோக்கி 5, 6 சென்ரிமீற்றர் இறக்குங்கள். ஏறத்தாழ அந்த இடத்தில், எலும்புக்கு உள்ளே, உங்கள் வலது கையை ஆளுகிற பகுதி இருக்கிறது. மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கும் அல்லவா? உச்சியிலிருந்து காதுப்பக்கமாக ஒரு ஆழமான பள்ளம் இறங்குகிறது. அதற்கு நேர் முன்னால் உள்ள மடிப்பைத்தான் இயக்கப் புறணி என்கிறோம். அந்த ஒரு மடிப்பிலேயே உடம்பின் ஒரு பாதி வரிசையாகக் கிடக்கிறது. காலும் பாதமும் இரண்டு மூளைப் பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கிற உட்சுவரில் இருக்கின்றன. மேலே ஏறி வெளிப்பக்கம் வளைந்தால் இடுப்பு, தோள். அதற்குக் கீழே கை, பிறகு முகம், கடைசியில் நாக்கு. கைக்குரிய இடம் ஒரு சின்னக் குமிழ்போல் பின்பக்கமாகப் புடைத்திருக்கும். ஸ்கான் படத்தில் இயக்கப் புறணி எது என்று கண்டுபிடிக்க நாங்கள் முதலில் தேடுவதும் அந்தக் குமிழைத்தான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்பாவின் அடைப்பு அந்தக் குமிழில்தான் இருக்க வேண்டும்.

இந்த வரிசையை மனிதரில் தெளிவாகக் காட்டியவர் கனடாவில், மொன்றியலில் இருந்த வில்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். மூளைக்கு வலி தெரியாது. அதனால் வலிப்பு நோயாளிகளை விழித்திருக்க வைத்தே மண்டையைத் திறந்து, மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டு, எந்த உறுப்பு துடிக்கிறது என்று குறித்துக்கொண்டார். 1937 இல் அவரும் போல்ட்றி என்பவரும் சேர்ந்து வெளியிட்ட வரைபடத்தின் பிந்திய வடிவம்தான் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிப்பது. அதில் கையும் வாயும் பென்னம்பெரிதாக இருக்கும், முதுகும் தொடையும் ஒரு கீற்றாகச் சுருங்கிக் கிடக்கும். எந்த உறுப்பில் நுணுக்கமான வேலை இருக்கிறதோ அதற்கு மூளை அதிக இடம் கொடுத்திருக்கிறது.

அந்தப் படத்தை நான் மாணவர்களுக்குக் காட்டும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்வேன். பெருவிரலுக்கு ஒரு கட்டம், சுட்டுவிரலுக்கு அடுத்த கட்டம் என்று காணி உறுதியில் எல்லை போட்டதுபோல் அது இல்லை. கால், கை, முகம் என்ற பெரிய பிரிவுகள் உண்மை. ஆனால் கைக்குள்ளே போனால் எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒரே விரலை அசைக்கும்போதும் கைப்பகுதி முழுவதும் பரவிய கலங்கள் வேலை செய்கின்றன, ஒரே கலம் பல தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. இந்தக் கலப்பு அப்பாவுக்கு நல்ல செய்தி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனிச் சித்தப்பா. அவருடைய ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் “சின்ன அடைப்பு, ஒரு பக்கம் முழுவதும்” என்றால், பத்தில் பல தடவை அது மேற்பரப்பில் இருக்காது, ஆழத்தில் இருக்கும்.

நம்முடைய குடாநாட்டு வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் எத்தனையோ ஒழுங்கைகள். ஒரு ஒழுங்கையில் பூவரச மரம் விழுந்தால் அந்த ஒழுங்கைக்காரருக்குத்தான் கரைச்சல். ஆனால் கிளிநொச்சிப் பக்கம் ஏ9 இல் போகிற வாகனம் எல்லாம் ஆனையிறவில் ஒரு ஒடுங்கின தரைத்துண்டால்தான் போக வேண்டும். அதே மரம் அங்கே விழுந்தால்?

இயக்கப் புறணியிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் முண்ணாணுக்கு இறங்குகின்றன. மேலே பல சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பரந்திருந்தவை, கீழே வர வர விசிறியின் ஓலைகள் காம்பில் சேர்வதுபோல் நெருங்குகின்றன. மூளையின் நடுப்பகுதியில், இரண்டு பெரிய நரம்புக்கலத் திரள்களுக்கு இடையே ஒரு ஒடுங்கிய வாசல் இருக்கிறது. ரிப்போர்ட்டில் அதை “இன்ரேர்னல் கப்சியூல்” என்று எழுதியிருப்பார்கள். முகத்துக்கான இழையும் கைக்கான இழையும் காலுக்கான இழையும் அங்கே ஒன்றோடொன்று ஒட்டியபடி சில மில்லிமீற்றருக்குள் போகின்றன. ஒரு சென்ரிமீற்றர் அடைப்பு மேலே என்றால் ஒரு கையின் ஒரு பகுதியைக் கெடுக்கும். அதே ஒரு சென்ரிமீற்றர் இந்த வாசலில் என்றால் முகம், கை, கால் மூன்றும் சேர்ந்து விழும்.

சித்தப்பாவின் நிலையை நினைவுபடுத்திப் பாருங்கள். வாய் கோணியிருக்கும், ஆனால் நெற்றியைச் சுருக்க முடிந்திருக்கும். நெற்றித் தசைக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் கட்டளை வருவதால் அது தப்பிவிடும். கதை குழறியிருக்கும், ஆனால் சொற்கள் மறந்திருக்காது. தொட்டால் தெரிந்திருக்கும். இப்படி இருந்தால் அடைப்பு அந்த வாசலிலோ அதற்குக் கீழே மூளைத்தண்டிலோதான் என்று ஸ்கானுக்கு முன்னரே ஊகித்துவிடலாம். அந்த இடங்களுக்கு இரத்தம் கொண்டுபோவது நூல் போன்ற நாடிகள், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டம். பல வருடம் பிரஷரும் சீனி வருத்தமும் கவனிக்காமல் இருந்தால் அவற்றின் சுவர் தடித்து, ஒருநாள் அடைபட்டுவிடும்.

அப்பாவின் கதை வேறு. கைக்கும் முகத்துக்கும் மூளையின் பக்கவாட்டு மேற்பரப்பில் ஓடும் நடு மூளை நாடியின் கிளைகள் இரத்தம் கொடுக்கின்றன. காலுக்குரிய உட்சுவருக்கு வேறொரு நாடி, முன் மூளை நாடி. அதனால்தான் அப்பா நன்றாக நடந்தார். நடு மூளை நாடியின் ஒரு நுனிக் கிளை மட்டும் அடைபட்டு, கைக்குமிழோடு நின்றுவிட்டது. அடைத்த இதே இரத்தக்கட்டி ஒரு கிளை கீழே போயிருந்தால் முகமும் பேச்சும் போயிருக்கும்.

எண்ணெய் தேய்த்ததற்காக மனம் நோக வேண்டாம். இந்த வகைப் பாரிசவாதம் குறைவாகத்தான் வரும், வைத்தியர்களும் ஏமாறுவதுண்டு. கையைக் கதிரைச் சட்டத்தில் தொங்கப்போட்டுத் தூங்கி, மேற்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு அமத்துப்பட்டாலும் மணிக்கட்டு இதேபோல் தொங்கும். இரண்டையும் பிரிக்க நான் முதலில் செய்வது மிக எளிது. கையை நன்றாகப் பொத்திப் பிடிக்கச் சொல்வேன். கோளாறு மூளையில் என்றால், பொத்தும்போது தொங்கிய மணிக்கட்டு தானாகக் கொஞ்சம் மேலே எழும்பும். வேண்டுமென்று தூக்கச் சொன்னால் வராத அதே அசைவு, பிடியோடு சேர்ந்து வந்துவிடும். நரம்பு அமத்துப்பட்டிருந்தால் மணிக்கட்டு இன்னும் கீழே போகும். அதோடு, நரம்புக் கோளாறில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கையில் ஒரு துண்டு விறைத்திருக்கும். கையை மேசையில் தட்டையாக வைத்தால் விரல்களைப் பக்கவாட்டில் விரிக்கவும் முடியும், ஏனென்றால் அதற்கு வேறொரு நரம்பு. அப்பாவுக்கு அப்படி வைத்தும் விரிந்திருக்காது.

இது வீட்டில் இருந்து தீர்ப்புச் சொல்ல அல்ல. திடீரென்று கை விழுந்தால், எந்தக் காரணமென்றாலும், அப்போதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்தால் எப்போது தொடங்கியது என்று தெரியாது. அப்படியானவர்களிலும் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போட முடியும், ஆனால் உடனே வந்தால்தான்.

சரி, சாமணத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். சுத்தியலும் சாமணமும் ஒரே கையில் பிடிக்கப்படுகின்றன, ஆனால் மூளையிலிருந்து அவற்றுக்கு வரும் வழி ஒன்றல்ல.

அப்பா ஒரு வெள்ளைக்கல்லைப் பார்த்து, சாமணத்தை அழுத்த எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு திறக்க வேண்டும், எந்தப் பக்கத்தால் அணுக வேண்டும் என்ற திட்டம் இயக்கப் புறணிக்கு முன்னால் உள்ள பகுதிகளில் தயாராகிறது. கட்டளை கைக்குமிழிலிருந்து புறப்படுகிறது. புறப்பட்ட இழை இடையில் எங்கும் மாறி ஏறாமல், ஒரே ஓட்டமாக அந்த ஒடுங்கிய வாசலைத் தாண்டி, மூளைத்தண்டின் முன்பக்கமாக இறங்குகிறது. தண்டு முண்ணாணாக மாறும் எல்லையில் பத்தில் எட்டு ஒன்பது இழைகள் மறுபக்கம் கடக்கின்றன. இடது மூளையின் வருத்தம் வலது கையில் தெரிவது இதனால்தான். பிறகு முண்ணாணின் வலது பக்கவாட்டில் இறங்கி, கழுத்தின் அடியில், கைவிரல்களுக்கான நரம்புக்கலங்கள் இருக்கும் இடத்தில் முடிகின்றன. மண்டையிலிருந்து பெருவிரல் தசை துடிக்கும் வரை மொத்தம் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு.

இந்த இழைகளில் பெரும்பாலானவை முண்ணாணில் உள்ள இடைத்தரகர்க் கலங்களிடம் கட்டளையைக் கொடுத்துவிட்டு நிற்கும். சில மட்டும் தரகரை விட்டுவிட்டு, தசையை இயக்கும் கலத்தையே நேரே தொடுகின்றன. அந்த நேரடி இணைப்பு நமக்குக் கைவிரல்களில்தான் மிகவும் வளர்ந்திருக்கிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் அசைய, மற்ற மூன்றும் சும்மா இருக்க வேண்டுமென்றால் அது இல்லாமல் முடியாது.

சுத்தியல் பிடிக்க அவ்வளவு தேவையில்லை. ஐந்து விரலும் ஒன்றாக மடங்கினால் போதும். மூளைத்தண்டிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் பழைய பாதைகள் சில உண்டு. ஆனையிறவு அடைபட்டால் பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டிப் பாலத்தால் சுற்றிப் போகலாம் என்பதுபோல. அவை நடை, நிமிர்ந்து நிற்றல், முழுக்கையால் பற்றுதல் போன்ற பெருவேலைகளைப் பார்க்கும். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்க அவற்றுக்குத் தெரியாது. 1968 இல் லோறன்ஸ், கைப்பர்ஸ் என்ற இருவர் குரங்குகளில் இந்த நேர்ப்பாதையை மட்டும் இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்தார்கள். சில கிழமைகளில் அவை ஓடின, கம்பியில் ஏறின. ஆனால் சின்னக் குழியிலிருந்து உணவுத் துண்டை இரண்டு விரலால் எடுக்க அவற்றால் முடியவில்லை. கையை முழுதாக வளைத்து வாரின. வாரியதை விடுவதற்கும் கஷ்டப்பட்டன. அப்பாவும் சுத்தியலைப் பிடித்தபிறகு விரல்களை விரித்து விடத் தாமதிக்கிறாரா என்று கவனியுங்கள். பழைய பாதைகள் மடக்கும் தசைகளுக்குத்தான் கூடுதலாக உதவுகின்றன.

இதனால்தான் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லி வரும் ஆலோசனை எனக்கு உடன்பாடில்லை. அது ஏற்கெனவே வந்துவிட்ட அசைவையே பயிற்றுகிறது. அப்பாவுக்குக் குறைவது விரிப்பதும், விரல்களைப் பிரித்து இயக்குவதும். அணில் குரங்குகளில் கைப்பகுதியின் ஒரு சிறு துண்டைச் சேதப்படுத்திவிட்டுச் செய்த ஆய்வு ஒன்று 1996 இல் வந்தது. சும்மா விடப்பட்ட குரங்குகளில், சேதமாகாத அயல் கைப்பகுதியும் சுருங்கிப்போனது. சிறு குழிகளிலிருந்து உணவு எடுக்கத் தினமும் பயிற்றிய குரங்குகளில் அது காக்கப்பட்டது, சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் இருந்த இடத்துக்குள்ளும் பரவியது. கைக்குமிழுக்குள் எல்லாம் கலந்து கிடக்கிறது என்றேனே, அந்தக் கலப்பால்தான் மீந்த கலங்கள் இழந்த வேலையை ஏற்கின்றன.

எனவே பட்டறைச் சாமான்களையே எடுங்கள். முதலில் குன்றிமணி பத்தை ஒரு தட்டில் வைத்து, சாமணம் இல்லாமல் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒவ்வொன்றாக எடுத்துச் சிமிழில் போடச் சொல்லுங்கள். எத்தனை செக்கன் என்று எழுதிவையுங்கள். இடது கைக்கும் ஒருதரம் எடுத்துக்கொண்டால் ஒப்பிடலாம். அது ஓரளவு வந்தபிறகு அகலமான சாமணம், பிறகு கல் பதிக்கும் சாமணம். ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம், நாளுக்கு இரண்டு தடவை. இடது கை உதவிக்கு வரக்கூடாது. தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து எடுத்தால் அது கணக்கில் இல்லை. நகை ஊதும் நெருப்புப் பக்கம் மட்டும் இப்போது போக விடாதீர்கள். பள்ளத்துக்கு நேர் பின்னால் இருப்பது கையின் தொடுஉணர்வுக்குரிய மடிப்பு, அடைப்பு அதையும் கொஞ்சம் தொட்டிருக்கலாம். கண்ணை மூடச் சொல்லி வலது கையில் ஒரு சாவியை, பிறகு ஒரு நாணயத்தை வையுங்கள். என்னவென்று சொல்ல முடியாவிட்டால் அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள், அதற்குப் பயிற்சி வேறு.

திரும்பி வருமா என்றால், இந்த இடத்துப் பாரிசவாதத்தில் பெரும்பாலானோருக்குக் கை நன்றாகத் தேறுகிறது. அப்பாவுக்கு மூன்று கிழமைக்குள் பிடி வந்திருப்பதும் நல்ல அறிகுறி. முதல் மூன்று மாதத்தில்தான் வேகமான முன்னேற்றம் இருக்கும், அதற்குப் பிறகு மெதுவாகும். எல்லாவற்றுக்கும் கடைசியாக வருவது நுண்வேலை. சேட்டுத் தெறி போடுவது வந்து ஒரு மாதம் கழித்தும் கல் பதிப்பது வராமல் இருக்கலாம். முன்பிருந்த வேகம் அப்படியே வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். குன்றிமணிக் கணக்குக் குறைந்துகொண்டே வந்தால் பாதை திறக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கிழமையாக ஒரே எண்ணில் நின்றால் பயிற்சியை மாற்ற வேண்டும்.

இப்போது கழுத்து. சித்தப்பாவின் நூல் நாடி இருந்த இடத்திலேயே தடித்து அடைபட்டிருக்கும். அப்பாவின் நாடி அப்படியல்ல. மேற்பரப்பின் நுனிக் கிளையில் அடைப்பு என்றால், கட்டி பெரும்பாலும் வேறெங்கோ உண்டாகி இரத்தத்தோடு அடித்துக்கொண்டு வந்து அங்கே சிக்கியிருக்கும். வழமையான ஊற்றுகள் இரண்டு. ஒன்று ஒழுங்கில்லாமல் துடிக்கும் இருதயம். மற்றது கழுத்தில் ஏறும் இடது பெரிய நாடியின் கவட்டில் படிந்த கொழுப்பு. கை தேறினாலும் ஊற்று அப்படியே இருக்கும், அடுத்த கட்டி கைக்குமிழோடு நிற்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. நாடி 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கியிருந்தால் அதைத் திறந்து சுத்தம்செய்யும் சத்திரசிகிச்சை பலருக்குப் பொருந்தும். அதன் பயன் முதல் இரண்டு கிழமைக்குள் மிகக் கூடுதல், நாளாக நாளாகக் குறைகிறது. நீங்கள் அந்த இரண்டு கிழமையைத் தாண்டிவிட்டீர்கள், அதனால்தான் இந்தக் கிழமையே என்கிறேன். இருதயத் துடிப்பை 24 மணித்தியாலம் பதியும் சோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். ஒருதரம் எடுக்கிற ஈ.சி.ஜி. யில் விட்டு விட்டு வரும் ஒழுங்கீனம் அகப்படாமல் போகலாம். தந்த மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.

இதற்கிடையில் ஒரு அறிகுறியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கழுத்தின் அதே இடது நாடியிலிருந்துதான் இடது கண்ணுக்கும் ஒரு கிளை போகிறது. அப்பா திடீரென்று, “இடது கண்ணில் திரைச்சீலை இறங்கினதுபோல இருக்கு” என்றாலோ, வலது கை மறுபடி சோர்ந்தாலோ, சொல் தடுமாறினாலோ, அது ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.